ஒரு முழத் தூரம்

பிறந்த குழந்தையின் கண்விழி ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. உடல் வளர வளர அதுவும் வளர்ந்து, பெரியவர்களுக்கு 23 அல்லது 24 மில்லிமீட்டரை எட்டுகிறது. இந்த வளர்ச்சி சரியான அளவில் நின்றுவிட்டால் பார்வை தெளிவாக இருக்கும். விழி தேவைக்கு மேல் நீண்டுவிட்டால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் விழாமல் அதற்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். தொலைவில் உள்ளவை மங்கலாகத் தெரியும். இதையே கிட்டப்பார்வை என்கிறோம். ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூட, சிங்கப்பூரில் நாம் பேச்சுவழக்கில் சொல்லும் கணக்கில், ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை கண்ணாடி தேவைப்படும். நீண்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை. எனவே, விழி வளர்ந்துகொண்டிருக்கும் பள்ளிப் பருவமே கவனம் தேவைப்படும் பருவம்.

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் ஒரு சிறுவனுக்குப் பள்ளியில் நடந்த கண்பார்வைச் சோதனைக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. மேல் சோதனைக்கு அழைத்துச் செல்லும்படி அதில் எழுதியிருந்தது. கண் மருத்துவர் சோதித்துப் பார்த்து, இரு கண்களிலும் 100 டிகிரி கிட்டப்பார்வை இருப்பதாகக் கூறினார்.

“100 டிகிரி குறைவுதானே, டாக்டர்?” என்று கேட்டார் அம்மா.

“எண் சிறியதுதான். ஆனால், வயதும் சிறியது. ஏழு வயதில் தொடங்கினால், விழி வளர்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் இந்த எண் 500, 600 என்று போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிக அதிகமான கிட்டப்பார்வை இருந்தால், பிற்காலத்தில் விழித்திரை பிய்ந்துபோகும் ஆபத்து கூடுகிறது,” என்றார் மருத்துவர். பிறகு, “வீட்டில் இவர் எதை, எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் உடனடியாகப் பதில் இல்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்காள் அன்று மாலையே அதைக் கண்டுபிடித்தாள். தம்பி தமிழ்க் கதை ஒன்றைக் கைக்கணினியில் படித்துக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தெரியாமல் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்தாள். அவன் கட்டிலில் சாய்ந்து, முழங்கால்களை மடக்கி, கைக்கணினியை அவற்றின்மேல் வைத்திருந்தான். பிறகு அதே நிலையில் அவனை அசையாமல் இருக்கச் சொல்லி, அடிக்கோலை வைத்து அளந்தாள். கண்ணுக்கும் திரைக்கும் இடையே 17 சென்டிமீட்டரே இருந்தது.

இந்த எண் ஏன் முக்கியம்? அருகில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிறிய தசை ஒன்று கண்வில்லையின் வளைவைக் கூட்டுகிறது. பொருள் நெருங்கி வர வர அந்தத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும். தூரம் பாதியானால் உழைப்பு இரட்டிப்பாகிறது. 40 சென்டிமீட்டரில் இருக்கும் திரையை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தசையின் வேலை இரண்டு மடங்காகும். இரண்டு கண்களும் மூக்கை நோக்கித் திரும்ப வேண்டிய அளவும் அதற்கேற்பக் கூடும். தொடர்ந்து நீண்ட நேரம் மிக அருகில் பார்க்கும் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை அதிகமாகக் காணப்படுகிறது என்பதால், மருத்துவர்கள் நேரத்தைப் போலவே தூரத்தையும் கேட்கிறார்கள்.

எவ்வளவு தூரம் போதும்? கையில் பிடித்துப் படிக்கும்போது குறைந்தது 30 சென்டிமீட்டர். மேசைமேல் வைத்துப் படிக்கும்போது 40 சென்டிமீட்டர் அளவு. பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அடிக்கோலைத் தேட மாட்டார்கள். ஆனால், எப்போதும் உடன் இருக்கும் ஓர் அளவுகோல் நம்மிடம் உண்டு. சிராங்கூன் சாலையில் பூ விற்பவர் மல்லிகைச் சரத்தை முழம் போட்டு அளப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமே ஒரு முழம். அக்காள் அளந்து பார்த்தபோது அம்மாவின் முழம் 43 சென்டிமீட்டர் இருந்தது. தம்பியின் முழம் 32 சென்டிமீட்டர். எனவே, வீட்டில் ஒரு விதி உருவாயிற்று. கையில் பிடித்தால் தம்பியின் முழம். மேசையில் வைத்தால் அம்மாவின் முழம்.

விதி உருவாகிவிட்டாலும் அது மூன்று நாளுக்குமேல் நிற்கவில்லை. “தள்ளி வைத்துப் பார், தம்பி!” என்று சொன்னால் தள்ளி வைப்பான். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரை மீண்டும் முகத்தருகே வந்திருக்கும். அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அக்காள் கவனித்தாள். கட்டிலில் சாய்ந்து படிக்கும்போது கைகள் சோர்ந்துபோய்த் தாமாகவே தாழ்ந்தன. அதற்கு வழி எளிது. அவள் கைக்கணினியை ஒரு தாங்கியில் நிறுத்தி, மேசைமேல் வைத்தாள். திரையின் மேல் விளிம்பு அவனது கண் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருந்தது. தாங்கி வைக்க வேண்டிய இடத்தில் மேசையில் ஓர் ஒட்டுத்தாளையும் ஒட்டினாள். ஆயினும், தம்பி இப்போது கைக்கணினியை அசைக்காமல் தன் தலையை முன்னே நீட்டத் தொடங்கினான்.

அப்போதுதான் அவள் திரையிலிருந்த எழுத்தைக் கவனித்தாள். எழுத்துகள் மிகச் சிறியவையாக இருந்தன. ஒரு பிள்ளை திரையை நெருங்குவது பெரும்பாலும் கெட்ட பழக்கத்தால் அன்று. எழுத்து அவனை இழுக்கிறது. தமிழ் எழுத்தில் இந்த இழுப்பு இன்னும் அதிகம். ஆங்கில எழுத்து ‘o’ ஒரு வட்டம் மட்டுமே. தமிழிலோ ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழி. ‘க’வையும் ‘க்’கையும் பிரிப்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி தெரியாவிட்டால் சொல்லே மாறிவிடும். எனவே, ஆங்கிலம் படிக்கப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாமல் போகலாம்.

அக்காள் எழுத்தைப் பெரிதாக்க முற்பட்டபோது தம்பி முகம் சுளித்தான். “எழுத்தைப் பெரிதாக்குவது பாட்டிக்குத்தானே, அக்கா? நான் என்ன கிழவனா?” என்றான்.

“பாட்டியின் கண்வில்லை இறுகிவிட்டது. அதனால் கிட்டத்தில் இருப்பது அவருக்குத் தெளிவாகத் தெரியாது. உனக்கு அப்படியில்லை. மிகவும் கிட்டத்தில் வைத்தாலும் உன் கண் பார்த்துவிடும். அதுதான் தொல்லை. உன் கண் ‘போதும்’ என்று சொல்லாது. அதனால் எழுத்துதான் உன்னைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும்,” என்றாள் அக்காள்.

எந்த அளவு சரி என்பதை ஊகித்து முடிவு செய்யத் தேவையில்லை. அதற்கு ஒரு சோதனை உண்டு. நாம் தடுமாறாமல் தொடர்ந்து படிப்பதற்கு, நம்மால் படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு பெரிய எழுத்து வேண்டும். இதைத் தூரத்தாலும் அளக்கலாம். 40 சென்டிமீட்டரில் படிக்க வேண்டிய எழுத்தை 80 சென்டிமீட்டரிலிருந்தும் படிக்க முடிந்தால் அது போதுமான அளவு. தம்பி கண்ணாடி அணிந்துகொண்டு நாற்காலியை இரண்டு முழம் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்தான். பழைய அளவில் ஒரு வரியைக்கூட அவனால் முழுமையாகப் படிக்க முடியவில்லை. புள்ளிகளை விட்டுவிட்டான். அக்காள் ஐபேட் கைக்கணினியில் `Settings` பகுதிக்குச் சென்று, `Display & Brightness` என்பதில் `Text Size` என்பதைத் தொட்டு, ஒவ்வொரு படியாக எழுத்தைக் கூட்டினாள். மூன்றாவது படியில் தம்பி புள்ளிகளையும் சேர்த்துப் படித்தான். அங்கேயே நிறுத்தினாள். அதற்குமேல் கூட்டினால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களே அடங்கும். படிப்பவர் பொருளைத் தொடர முடியாமல் திணறுவார்.

எல்லாச் செயலிகளும் இந்த அமைப்புக்குக் கட்டுப்படுவதில்லை என்பதும் அவளுக்கு விரைவில் தெரிந்தது. தாளைப் படமெடுத்து அனுப்பிய பயிற்சிகளில் எழுத்து அப்படியே சிறியதாக இருந்தது. அவற்றுக்குக் கைக்கணினியைப் படுக்கைவாட்டில் திருப்பினாள். பக்கத்தின் அகலம் முழுத் திரைக்கும் விரிந்ததால் எழுத்தும் பெரிதாயிற்று. அப்படியும் சிறியதாக இருந்த பயிற்சிகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள்.

எழுத்து பெரிதான பிறகு பகலில் தம்பி ஒழுங்காகத் தள்ளி உட்கார்ந்தான். இரவில் மட்டும் மீண்டும் குனிந்தான். ஒரே பிள்ளை, ஒரே எழுத்து, ஒரே மேசை. மாறியது வெளிச்சம் மட்டுமே. கூடத்தின் கூரை விளக்கு அவன் தலைக்குப் பின்னால் இருந்தது. அதன் ஒளி கண்ணாடி போன்ற திரையில் பட்டு, வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. அந்தத் திட்டைத் தவிர்க்கவே அவன் தலையைச் சாய்த்து முன்னே வந்தான். மேசையைச் சற்றுத் திருப்பி, விளக்கும் சன்னலும் பக்கவாட்டில் இருக்கும்படி செய்தவுடன் அந்தத் திட்டு மறைந்தது.

அடுத்தது திரையின் ஒளிர்வு. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். திரை விளக்குபோல் பளிச்சென்று தெரிந்தால் ஒளிர்வு மிகுதி. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒளிர்வு குறைவு. இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரிவதே அந்த அறைக்கு ஏற்ற அளவு. பகலில் சன்னலோரத்தில் சரியாக இருந்த அளவு இரவில் கண்ணைக் கூச வைக்கும். அதனால் ஒளிர்வைத் தானாகவே மாற்றும் `Auto-Brightness` என்னும் அமைப்பை இயங்க விடுவது நல்லது. ஐபேடில் அது `Accessibility` பகுதியில், `Display & Text Size` என்பதன் அடியில் இருக்கிறது. அதற்கு உதவும் ஒளி உணரி திரையின் விளிம்பில் இருப்பதால், தடித்த உறையோ கையோ அதை மறைத்தால் திரை காரணமின்றி மங்கும். மங்கிய திரையை நோக்கிப் பிள்ளை குனிவான்.

அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் ஒளிர்வை மட்டும் குறைத்துக்கொள்வது சரியான தீர்வன்று. இருட்டில் கண்மணி விரிகிறது. அப்போது கண் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் துல்லியமாகக் குவிய வேண்டியிருக்கிறது. சற்றுப் பிசகினாலும் எழுத்து மங்கிவிடும். ஆகவே, முதலில் அறைக்கு வெளிச்சம் வேண்டும். பிறகு திரையை அதற்கு ஏற்ப அமைக்க வேண்டும். மாலையில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பைக் குறித்தும் பலர் கேட்பதுண்டு. அது இரவு உறக்கத்துக்காக அமைக்கப்பட்டது. அருகில் பார்ப்பதால் தசைக்கு ஏற்படும் உழைப்பை அது குறைப்பதில்லை.

இனி ஓய்வு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்க்க வேண்டும் என்பது பலர் அறிந்த விதி. 20 அடி என்பது ஏறத்தாழ ஆறு மீட்டர். அந்தத் தொலைவில் பார்க்கும்போது கண்ணின் தசை ஏறக்குறைய முழுமையாகத் தளர்ந்துவிடுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பதும் குறைந்துவிடுகிறது. ஓய்வின்போது கண் மீண்டும் இயல்பாக இமைத்து ஈரமாகிறது.

இந்த ஓய்வை நினைவூட்டுவதற்காக அக்காள் முதலில் `Screen Time` பகுதியில் உள்ள `App Limits` என்பதில் 20 நிமிடம் என்று குறித்தாள். மறுநாள் தம்பி 20 நிமிடம் படித்தவுடன் கதைச் செயலி அன்று முழுவதும் மூடிக்கொண்டது. அந்த அமைப்பு ஒரு நாளின் மொத்த நேரத்தைக் கணக்கிடுமே தவிர, இடைவேளையை நினைவூட்டாது என்பது அப்போதுதான் புரிந்தது. அதே பகுதியில் `Screen Distance` என்று ஓர் அமைப்பும் உண்டு. 2023ஆம் ஆண்டு முதல் வந்துள்ள இது, திரையை 30 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால் திரையை மறைத்து எச்சரிக்கும். ஆனால், முகத்தை அடையாளம் காணும் கருவி உள்ள கைக்கணினிகளிலேயே அது இயங்கும். தம்பியின் கைக்கணினியில் அந்தக் கருவி இல்லை.

இறுதியில் உதவியது அம்மாவின் சமையலறை மணிப்பொறி. அதில் 20 நிமிடம் வைத்து, மேசைக்கு அருகில் வைக்காமல், சன்னல் ஓரத்தில் வைத்தார்கள். மணி அடித்தால் அதை நிறுத்தத் தம்பி எழுந்து நடந்து போக வேண்டும். வீவக வீட்டின் கூடத்தில் ஆறு மீட்டர் தொலைவு கிடைப்பது அரிது. ஆனால், சன்னல் வழியே எதிர்ப் புளோக் தெரியும். அங்கு எத்தனை கழிகளில் துணி காய்கிறது என்று எண்ணிவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. எண்ணி முடிக்க 20 விநாடிக்கு மேலாகும். முதல் நாள் தம்பி மணியை நிறுத்திவிட்டு அக்காளின் கைத்தொலைபேசியை எட்டிப் பார்த்தான். “அது ஓய்வில்லை, தம்பி. கண் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குத்தான் மாறியிருக்கிறது,” என்று அக்காள் அதை எடுத்து வைத்தாள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பிள்ளை தொடர்ந்து நெருங்கிப் பார்த்தால், கண்ணைச் சுருக்கினால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தால், அடிக்கடி கண்ணைக் கசக்கினால் அல்லது தலைவலி என்று சொன்னால், அமைப்புகளை மேலும் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணையே மீண்டும் சோதிக்க வேண்டும். கண்ணாடியின் அளவு மாறியிருக்கலாம். எழுத்தளவைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த மாற்றம் வெளியே தெரியாமல் மறைந்துவிடும் அபாயமும் இருக்கிறது. அதனால் அக்காள் அந்த இரண்டு முழச் சோதனையை மாதத்துக்கு ஒருமுறை அதே எழுத்தளவில் செய்தாள். சென்ற மாதம் படித்ததை இந்த மாதம் படிக்க முடியவில்லை என்றால், அதுவே மருத்துவரிடம் செல்ல வேண்டியதற்கு அடையாளம்.

இரண்டாவது முறை மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது, அக்காள் தான் செய்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். மருத்துவர் பொறுமையாகப் படித்தார். “நன்று. இவை கண்ணின் களைப்பைக் குறைக்கும். இவர் நெருங்கிப் பார்ப்பதையும் தடுக்கும். ஆனால், இந்தத் தாளில் மிக முக்கியமான ஒன்று இல்லை,” என்றார்.

“என்ன, டாக்டர்?”

“வெளியே செல்லும் நேரம்.”

சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி அவர் விளக்கினார். அங்குச் சில தொடக்கப்பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில், மற்றப் பள்ளிகளின் மாணவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. வெளியே சென்ற மாணவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கே ஏற்பட்டது. 2015இல் வெளியான இந்த முடிவுக்குக் காரணம் பகல் வெளிச்சம் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. வகுப்பறையின் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் அளவில் இருக்கும். வெளியில் வெயிலில் அது 10,000 லக்ஸைத் தாண்டும். மரநிழலில் தொப்பி அணிந்து நின்றாலும் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். எந்தத் திரையையும் எவ்வளவு கூட்டினாலும் இந்த வெளிச்சத்தைத் தர முடியாது.

அன்றிலிருந்து மணிப்பொறி இரண்டு முறை அடித்ததும் கைக்கணினி மூடப்பட்டது. தம்பியும் பாட்டியும் கீழ்த்தளத்துக்கு இறங்கி, விளையாட்டுத் திடலுக்குச் சென்றார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது எண் 125 ஆகியிருந்தது. அம்மாவின் முகம் வாடியது. “இந்த வயதில் இதைவிட வேகமாகக் கூடும் பிள்ளைகள் பலர் உண்டு. எதனால் மெதுவாகக் கூடியது என்று ஒரு பிள்ளையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து செய்யுங்கள். வேகம் கூடினால் சொட்டு மருந்தைப் பற்றி யோசிப்போம்,” என்றார் மருத்துவர்.

தம்பி வளர்கிறான், அவனுடைய கண்ணும் வளர்கிறது. அவனது முழம் இப்போது 33 சென்டிமீட்டர். ஆண்டுத் தொடக்கத்தில் மேசையில் ஒட்டிய ஒட்டுத்தாள் உரிந்துபோனபோது, புதிய ஒன்றை அவனே ஒட்டினான். ஒட்டுவதற்கு முன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, மேசைமேல் வைத்து, முழம் போட்டுப் பார்த்தான்.